சோலார் போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும்? மூன்றாவது கிலோவாட்டின் கணக்கு

மாடிக்கணக்கு (கோவை) | 12 மார்ச் 2023

மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட விலை கேட்டேன். 1,80,000 ரூபாய். மத்திய அரசு மானியம் கிலோவாட்டுக்கு 14,588 வீதம் 43,764 போக, என் கையிலிருந்து 1,36,236. வந்தவர் என் இ.பி. பில்லைப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு சராசரியாக 760 யூனிட் ஓடுகிறது. "உங்களுக்கு யூனிட் 9 ரூபாய் சார். 3 கிலோவாட் வருஷத்துக்கு 4,320 யூனிட் கொடுக்கும். மூன்றரை வருஷத்தில் காசு திரும்பிடும்" என்றார்.

எங்கள் வீட்டு மொத்த பில்லே ஒரு தடவைக்கு 4,190 ரூபாய்தான், வருஷத்துக்கு சுமார் 25,000. அதில் 38,880 ரூபாய் எப்படி மிச்சமாகும்? இதைக் கேட்டதும் அவர் மின்கட்டணம் ஏறும் கதைக்குப் போய்விட்டார். கணக்கு எங்கே பிசகுகிறது?

திருச்சிக்காரி | 12 மார்ச் 2023

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் போட்டிருக்கிறார்கள். கரண்ட் போனால் அவர்கள் வீட்டிலும்தான் இருட்டு. பேட்டரி எத்தனை வைக்கிறார்கள் என்று கேட்டீர்களா? கரண்ட் போகும்போது ஓடாத சோலாருக்கு எதற்கு ஒண்ணரை லட்சம்?

மாடிக்கணக்கு | 12 மார்ச் 2023

அக்கா, இதில் பேட்டரி கிடையாது. லைன் போனால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயும். நான் கேட்பது பில் குறைவதைப் பற்றி மட்டும்.

மாடிக்கணக்கு | 14 மார்ச் 2023

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்ததில் பிசகு பிடிபட்டது. 9 ரூபாய் என்பது என் 760-ல் கடைசி 160 யூனிட்டுக்கு மட்டும்தான். 2022 செப்டம்பரிலிருந்து, 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு முதல் 100 இலவசம், 400 வரை 4.50, 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9. 500-க்குள் நிற்பவர்களுக்கு 101 முதல் 200 வரை 2.25 தான். அதனால் 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய், 501 என்றால் 1,958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய் ஏறுகிறது.

நெட் மீட்டர் நாம் எடுத்த யூனிட்டிலிருந்து பேனல் கொடுத்த யூனிட்டைக் கழித்துவிடும். அது மேலிருந்துதான் கழியும். முதலில் 9 ரூபாய் யூனிட் போகும், அப்புறம் 8, அப்புறம் 6. கடைசியில் இலவச யூனிட்டையும் கழிக்க ஆரம்பித்துவிடும். இலவசமாக வருவதைக் கழித்து என்ன லாபம்?

அதனால் 3 கிலோவாட்டை ஒரே மூட்டையாகப் பார்க்காமல் ஒவ்வொரு கிலோவாட்டாகப் பிரித்தேன். கோவையில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்தேன்.

முதல் கிலோவாட்: 760 யூனிட் 520 ஆகிறது. பில் 4,190-லிருந்து 2,110. மிச்சம் 2,080.
இரண்டாவது: 520 யூனிட் 280 ஆகிறது. பில் 585. மிச்சம் 1,525.
மூன்றாவது: 280 யூனிட் 40 ஆகிறது. பில் பூஜ்யம். மிச்சம் வெறும் 585.

பேனல் அதே பேனல், வெயிலும் அதே வெயில். மூன்றாவதுக்கு வருஷத்துக்கு 3,510 ரூபாய்தான் வருகிறது. 2 கிலோவாட்டின் விலை 1,30,000, மானியம் போக 1,00,824. ஆக மூன்றாவதுக்கு நான் கூடுதலாகக் கொடுப்பது 35,412. அது திரும்பப் பத்து வருஷம். முதல் இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 21,630 மிச்சம், நான்கே முக்கால் வருஷத்துக்குள் திரும்பிவிடும். மூன்றையும் சேர்த்தால் ஐந்தரை வருஷம் என்று வருவதால், உள்ளே ஒரு பத்து வருஷம் உட்கார்ந்திருப்பது தெரிவதே இல்லை.

(பில்லில் வரும் சில்லறைக் கட்டணங்களை விட்டுவிட்டேன்.)

வைப்புநிதி | 15 மார்ச் 2023

தம்பி, வங்கியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் சொல்கிறேன். வட்டியை மறந்துவிட்டீர்கள். ஒரு லட்சத்தை 7 சதவீதத்தில் போட்டால் வருஷம் 7,000 வரும். உங்கள் 21,630 மிச்சத்தில் அதைக் கழித்தால் 14,600 தான். ஏழு வருஷம் ஆகும். அதோடு பகலில் மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் ஓட்டினால்தான் சோலாருக்கே பலன். ராத்திரி ஓட்டினால் வீண்.

மாடிக்கணக்கு | 15 மார்ச் 2023

சார், வட்டியைச் சேர்க்கவேண்டும் என்பது நியாயம், நான் விட்டது தப்புதான். ஆனால் வருஷா வருஷம் முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி கழிக்கமுடியாது. முதல் வருஷக் கடைசியில் 21,000 சொச்சம் கைக்கு வந்துவிடுகிறது, அடுத்த வருஷம் பாக்கித் தொகைக்குத்தானே வட்டி? அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் 2 கிலோவாட்டுக்குச் சுமார் ஆறு வருஷம் வருகிறது.

இதே வட்டியை மூன்றாவது கிலோவாட்டுக்குப் போட்டபோதுதான் அதிர்ந்தேன். 35,412-க்கு வட்டியே 2,479. அது வருஷத்துக்குக் கொடுப்பது 3,510. அசலைக் கரைக்க மிஞ்சுவது ஆயிரம் ரூபாய்தான். சுமார் பதினெட்டு வருஷம் ஆகும். நடுவில் ஒரு தடவை இன்வெர்ட்டர் மாற்றவேண்டி வந்தால் அதற்கு மேலும்.

பகல், ராத்திரி விஷயம் நெட் மீட்டர் இல்லாதவர்களுக்குச் சரி. எங்கள் மாதிரி வீட்டு இணைப்பில் போன யூனிட்டும் வந்த யூனிட்டும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும், மோட்டாரை எப்போது போட்டாலும் ஒன்றுதான்.

வைப்புநிதி | 15 மார்ச் 2023

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எஃப்.டி.யை அவசரத்துக்கு உடைக்கலாம். பேனலை உடைத்து ஆஸ்பத்திரி பில் கட்டமுடியுமா? என் வயசில் அதையும் பார்க்கவேண்டும்.

மாடிக்கணக்கு | 16 மார்ச் 2023

அதற்கு என்னிடம் பதில் இல்லை சார். உங்கள் நிலைமையில் இருந்தால் நானும் யோசிப்பேன்.

மாடிக்கணக்கு | 2 ஏப்ரல் 2023

முந்தைய கணக்கில் ஒரு ஓட்டை. 760 என்பது சராசரி. நிஜத்தில் எந்த பில்லும் 760 இல்லை. பழைய பில்களை எடுத்துப் பார்த்தால் ஜனவரி-பிப்ரவரியில் 560, மே-ஜூனில் ஏ.சி. ஓடி 1,040. ஸ்லாப் இருக்கிற ஊரில் சராசரியை நம்பமுடியாது, 1,000-க்கு மேல் யூனிட் 11 ரூபாய். அதனால் ஆறு பில்லையும் தனித்தனியாகப் போட்டேன்.

2 கிலோவாட்டுக்கு வருஷ மிச்சம் 21,630 இல்லை, 21,030. மூன்றாவதுக்கு 3,510 இல்லை, 3,765. பெரிய மாற்றம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த 3,765-ல் 1,665 ரூபாய் மே-ஜூன் என்ற ஒரே பில்லில் வருகிறது. ஜனவரி-பிப்ரவரியில் 2 கிலோவாட்டே பில்லைப் பூஜ்யமாக்கிவிடுகிறது, மூன்றாவது கொடுப்பது அடுத்த பில்லுக்கு வரவாகப் போகும் யூனிட் மட்டும். கோடை ஏ.சி.க்காக மட்டும் 35,000 ரூபாயை மாடியில் நிறுத்துகிறேனா என்பதுதான் கேள்வி.

கட்டணம் ஏறும் என்ற கதையையும் பார்த்தேன். விற்பவர்கள் எல்லோரும் வருஷம் 5 சதவீதம் ஏறும் என்று காகிதத்தில் போடுகிறார்கள். நம் மாநிலத்தில் 2014 டிசம்பரில் ஏற்றியதற்கு அப்புறம் 2022 செப்டம்பரில்தான் ஏற்றினார்கள். நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருஷம் ஏறவே இல்லை. ஏறியபோது 500-க்கு மேல் 6.60 என்று இருந்தது 8, 9, 10, 11 என்று பிரிந்தது. ஏறும், ஆனால் ஏணிப்படி மாதிரி வருஷா வருஷம் ஏறாது. அதனால் என் கணக்கில் ஏற்றமே இல்லை என்று வைத்திருக்கிறேன்.

குன்னூர் குளிர் | 9 ஏப்ரல் 2023

பேனலை விடுங்கள், சோலார் ஹீட்டரைப் பற்றி யாருமே பேசவில்லையே? எங்கள் வீட்டில் கீசரே இல்லை. குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவது கேஸ் அடுப்பில். சிலிண்டர் 1,100 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. 150 லிட்டர் ஹீட்டர் போட்ட பிறகு சிலிண்டர் ஒன்று கூடுதலாக மூன்று வாரம் வருகிறது. வருஷம் முழுக்க வெந்நீர்தான் குளிக்கிறோம். இ.பி. பில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் எனக்குக் காசு திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. மூடுபனி நாளில் மட்டும் பழையபடி அடுப்பு.

மாடிக்கணக்கு | 10 ஏப்ரல் 2023

நல்ல கேள்வி, எனக்கும் 26,000 ரூபாயில் 150 லிட்டர் கண்ணாடிக் குழாய் ஹீட்டர் சொல்லியிருக்கிறார்கள். கீசர் எவ்வளவு தின்கிறது என்று தெரியாமல் கணக்குப் போடமுடியாது. ஒரு வாரம் கீசரை அணைத்துவைத்து, அடுப்பில் காய்ச்சி, மீட்டரைக் குறித்துவைக்கப் போகிறேன்.

மாடிக்கணக்கு | 19 ஏப்ரல் 2023

நான்கு பேர் குளிப்பதற்கு ஒரு நாளைக்கு 2.5 யூனிட். இரண்டு மாதத்துக்கு 150. 760-ஐ சராசரியாகவே வைத்துப் பார்க்கிறேன், யாருக்கும் தலை சுற்றாமல் இருக்கட்டும்.

பேனல் இல்லாத வீட்டில் ஹீட்டர் போட்டால் 760 யூனிட் 610 ஆகும், மிச்சம் 1,350. பேனல் போட்டு 280-க்கு வந்துவிட்ட வீட்டில் அதே ஹீட்டர் போட்டால் 280 யூனிட் 130 ஆகும், மிச்சம் 517. அதே 150 யூனிட், அதே தொட்டி. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது விலை உயர்ந்த யூனிட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது, பின்னால் வருவதற்கு அடி மிச்சம்தான்.

கோடையில் எங்கள் வீட்டில் யாரும் வெந்நீரில் குளிப்பதில்லை. ஆறு பில்லில் நான்குக்குத்தான் ஹீட்டர் உதவும். தனியாகப் போட்டால் 26,000 திரும்பச் சுமார் ஐந்து வருஷம். பேனலுக்குப் பின்னால் போட்டால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல்.

குழாய்க்காரர் | 20 ஏப்ரல் 2023

நான் இருபது வருஷமாக இந்த ஹீட்டர் மாட்டுகிறவன். கணக்கு சரி தம்பி. ஆனால் பன்னிரண்டு வருஷம் அது உயிரோடு இருக்குமா என்று கேட்கவில்லையே? என்ன தண்ணீர் உங்களுக்கு?

சிறுவாணித் தண்ணீர் என்றால் கவலை இல்லை. போர் தண்ணீர், அதுவும் உப்பு ஏறின தண்ணீர் என்றால் இரண்டு, மூன்று வருஷத்தில் குழாய்க்குள் வெள்ளையாகப் படியும். செம்புக் குழாய் வைத்த தட்டை மாடலில் அடைத்தே போகும். கண்ணாடிக் குழாய் மாடலில் கீழே மண் மாதிரி சேரும், வெந்நீர் சூடு குறையும். வெயில் நன்றாக அடித்த நாளில் சாயங்காலம் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தால் உள்ளே படிந்துவிட்டது என்று அர்த்தம். கழுவ ஆள் கூலி, உடைந்த குழாய்க்குக் காசு, ரப்பர் வளையம். இதெல்லாம் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இன்னொன்று, மாடித் தொட்டியிலிருந்து உங்கள் குளியலறைக்குக் குழாய் எவ்வளவு நீளம்? முக்கால் இஞ்சுக் குழாய் 20 மீட்டர் என்றால் ஐந்து லிட்டர் பச்சைத்தண்ணீர் அதில் நிற்கும். ஒவ்வொருவரும் குளிக்கப் போகும்போது அதைத் திறந்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கீசரையே போட்டுக்கொள்வார்கள். மாட்டின வீட்டில் பாதிப் பேர் இப்படித்தான். தொட்டிக்குள் மின்சாரக் காயில் வைத்து ஸ்விட்சை அணைக்க மறந்தவர்கள் இன்னும் மோசம், ராத்திரி முழுக்க 150 லிட்டரையும் கரண்டே காய்ச்சிக்கொண்டிருக்கும்.

மாடிக்கணக்கு | 20 ஏப்ரல் 2023

அண்ணா, எங்களுக்குப் போர் தண்ணீர்தான். குளியலறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஹீட்டர் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. குன்னூர் வீட்டுக்கு அது சரி, வருஷம் முழுக்க வெந்நீர் தேவைப்படுகிற வீடு, கழிவது கேஸ் காசு.

குழாய்க்காரர் | 21 ஏப்ரல் 2023

பேனல் போடும்போது ஒன்று செய்யுங்கள். பேனல் 2 கிலோவாட் போட்டாலும் இன்வெர்ட்டரை 3 கிலோவாட்டாக வாங்கிவிடுங்கள். சில ஆயிரம்தான் கூடும். பின்னாடி இரண்டு பேனல் சேர்க்கத் தோன்றினால் அப்போது புது இன்வெர்ட்டர் தேடி அலையவேண்டாம்.

மாடிக்கணக்கு | 21 ஏப்ரல் 2023

அந்தச் சில ஆயிரமும் ஒரு கிலோவாட்டின் கணக்கைக் கெடுக்கும் அண்ணா. 2 போதும்.

மாடிக்கணக்கு | 6 ஜூன் 2023

மாட்டியாகிவிட்டது. நான்கு பேனல், 2 கிலோவாட் இன்வெர்ட்டர். நெட் மீட்டரும் வந்துவிட்டது.

மாடிக்கணக்கு | 25 பிப்ரவரி 2024

இரண்டு செய்தி.

முதலாவது, இந்த மாதம் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்திருக்கிறது. 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000, 3-க்கு 78,000. எனக்குக் கிடைத்தது 29,176. அதே விலை என்று வைத்தால் இப்போது போடுகிறவருக்கு 70,000 ரூபாய், மூன்று வருஷம் நான்கு மாதத்தில் திரும்பும். காத்திருந்திருக்கலாமா? ஒன்பது மாதம் தள்ளிப்போட்டிருந்தால் சுமார் 15,800 ரூபாய் மிச்சத்தை இழந்திருப்பேன், மானியத்தில் 30,824 கூடக் கிடைத்திருக்கும். காத்திருந்தால் லாபம்தான், ஆனால் முன்னாடியே எனக்கு எப்படித் தெரியும்? கவனிக்கவேண்டியது வேறு. புது மானியத்திலும் மூன்றாவது கிலோவாட்டுக்கு வருவது 18,000 தான். விலை வித்தியாசம் 50,000 என்றால் இன்னும் 32,000 நம் கையிலிருந்து போகும். முதல் இரண்டின் காலம் வெகுவாகக் குறைந்தது, மூன்றாவது கிட்டத்தட்ட அங்கேயேதான் நிற்கிறது.

இரண்டாவது, நிழல். நவம்பரிலிருந்து பேனல் கொடுப்பது குறைந்தது. இன்வெர்ட்டர் ஆப்பில் வெயில் நாள் படத்தைப் பார்த்தால் மலை மாதிரி வட்டமாக இறங்கவேண்டிய கோடு, தினமும் மூன்றரை மணிக்குப் படிக்கட்டு மாதிரி விழுகிறது. மேகம் என்றால் நாளுக்கு ஒரு மாதிரி விழும். தினமும் ஒரே நேரம் என்றால் நிழல்தான். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தென்மேற்கில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்ததும் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுகிறது. நான்கும் ஒரே சங்கிலியில் இருப்பதால் எல்லாமே இறங்குகிறது.

நவம்பர்-டிசம்பரில் 90 யூனிட், ஜனவரி-பிப்ரவரியில் 100 யூனிட் போனது. பேனல் தாங்கியை உயர்த்தி நகர்த்த 6,000 கேட்கிறார்கள். உடனே சரி என்று சொல்ல வாய் வந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன். குளிர்காலத்தில் பில் ஏற்கனவே 200 யூனிட்டுக்குள் இருக்கிறது. அங்கே இழந்த யூனிட்டெல்லாம் மலிவு யூனிட், சிலது இலவச யூனிட். 190 யூனிட் இழந்ததில் நிஜமான நஷ்டம் 495 ரூபாய். 6,000 திரும்பப் பன்னிரண்டு வருஷம். தொட்டி அங்கேயே இருக்கட்டும், பக்கத்து வீட்டு மாமாவோடு சண்டையும் மிச்சம்.

திருச்சிக்காரி | 26 பிப்ரவரி 2024

நிழல் கோடைகாலத்தில் விழுந்திருந்தால்?

மாடிக்கணக்கு | 26 பிப்ரவரி 2024

நகர்த்தியிருப்பேன் அக்கா. மே மாதத்து யூனிட் எனக்கு 8 ரூபாய், 500 எல்லையைத் தாண்ட வைத்தால் இன்னும் 225 சேரும்.

மாடிக்கணக்கு | 11 ஆகஸ்ட் 2024

ஜூலையில் கட்டணம் ஏறிவிட்டது, 4.83 சதவீதம். என் மிச்சமும் அதே அளவு கூடும். அதைவிடப் பெரிய மாற்றம் வீட்டுக்குள் நடந்திருக்கிறது.

மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பகலில் ஏ.சி. "சோலார்தானே இருக்கிறது" என்று சமையலறையிலும் மின்சார அடுப்பு வந்துவிட்டது. வீட்டின் மொத்த உபயோகம் இப்போது இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். பில் 2023-ல் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. வைப்புநிதி சாருக்கு இதை எப்படிக் கணக்குக் காட்டுவது என்று தெரியவில்லை. பழைய உபயோகத்தை வைத்துப் பார்த்தால் மிச்சம் குறைந்துவிட்டது. இப்போதைய உபயோகத்தை வைத்துப் பார்த்தால் கூடிவிட்டது, ஏனென்றால் பேனல் இப்போது இன்னும் விலை உயர்ந்த யூனிட்டைக் கழிக்கிறது. சோலார் இல்லாவிட்டால் மகள் பகலில் ஏ.சி. போட்டிருப்பாளா? தெரியாது.

வைப்புநிதி | 12 ஆகஸ்ட் 2024

போட்டிருக்கமாட்டாள். அதனால் அது மிச்சம் இல்லை, செலவு செய்த சுகம். தனிப் பத்தியில் எழுதுங்கள்.

மாடிக்கணக்கு | 12 ஆகஸ்ட் 2024

சுகத்துக்கு ரூபாயில் என்ன எழுதுவது சார்? மின்சார அடுப்பால் சிலிண்டர் குறைந்திருக்கிறது, அதையாவது வரவில் வைக்கலாம் இல்லையா?

வைப்புநிதி | 12 ஆகஸ்ட் 2024

சிலிண்டரை வையுங்கள். ஏ.சி.யை வைக்கவேண்டாம்.

மாடிக்கணக்கு | 18 ஆகஸ்ட் 2024

குழாய்க்காரர் அண்ணாவுக்கு. 900 யூனிட்டில் 2 கிலோவாட் கழிந்தால் 420, மூன்றாவதும் கழிந்தால் 180. பழைய கட்டணத்திலேயே மூன்றாவது கிலோவாட் இப்போது ஒரு பில்லுக்கு 1,065 ரூபாய் கொடுக்கும். 2023-ல் 585. ஆறு வருஷத்துக்குள் திரும்பிவிடுகிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டு உபயோகம் மாறாது என்று நான் நம்பியது தப்பு. உங்கள் 3 கிலோவாட் இன்வெர்ட்டரை அன்றே வாங்கியிருக்கவேண்டும். இப்போது இரண்டு பேனல் சேர்க்க இன்வெர்ட்டரையும் மாற்றவேண்டும், அதைச் சேர்த்தால் மறுபடி பத்து வருஷத்துக்குப் போய்விடுகிறது. பழைய 2 கிலோவாட் இன்வெர்ட்டரை யாராவது எடுத்துக்கொள்வார்களா?

குழாய்க்காரர் | 19 ஆகஸ்ட் 2024

பொள்ளாச்சிப் பக்கம் ஒருத்தர் தோட்டத்து வீட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வாரண்டி இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, வேறு பெயருக்கு மாற்றித் தருவார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் விலை பேசமுடியும்.